மொட்டைமாடியிலிருந்து கூடத்துக்கு வந்த இச்சி போன்சாய் இலை உதிர்க்கிறது: என்ன செய்யலாம்?

மாம்பலம்வாசி | ஆகஸ்ட் 2, காலை 6.50

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பதினொரு ஆண்டுகளாக வளர்ந்துவரும் கல்லிச்சி போன்சாய் ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடி உயரம். 14 அங்குல நீளமும் 3 அங்குல ஆழமும் உள்ள தட்டுத் தொட்டி. செங்கல் ஜல்லி, ஆற்று மணல், மட்கிய சாணம் கலந்த மண். இத்தனை ஆண்டுகளும் மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் முழு வெயிலில்தான் இருந்தது.

மழைக்காலத்துக்கு முன் மாடியில் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்யப் போகிறார்கள், ஆறு வாரம் ஆகும், தொட்டிகளை எல்லாம் அப்புறப்படுத்துங்கள் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். ஜூலை 21 அன்று மரத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தேன். ஐந்தாம் நாள் காலை முக்காலியைச் சுற்றி ஆறு இலைகள் கிடந்தன. மறுநாள் பதினெட்டு. நேற்று மட்டும் நாற்பத்து மூன்று பொறுக்கினேன். சில மஞ்சளாகி விழுகின்றன. பல பச்சையாகவே, கிளையை லேசாகத் தொட்டாலே விழுந்துவிடுகின்றன. காம்பின் நுனியில் சிறு வெள்ளைப் பொட்டாகப் பால் இருக்கிறது. மாடியில் ஊற்றியது போலவே காலையும் மாலையும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவருகிறேன். எதையும் குறைக்கவில்லை. பிறகு ஏன் இப்படி?

---

கீழ்க்கட்டளை தோட்டக்காரன் | ஆகஸ்ட் 2, காலை 8.15

ஐயா, இது வேரழுகல்தான், சந்தேகமே வேண்டாம். வீட்டுக்குள் இருவேளைத் தண்ணீர் என்பது மிக அதிகம். உடனே மரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைக் கழுவி, கறுத்துப்போன வேர்களை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடுங்கள். ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் சேருங்கள். நான் என் செம்பருத்தியை இப்படித்தான் காப்பாற்றினேன்.

---

பெரம்பூர் பாட்டி | ஆகஸ்ட் 2, காலை 9.40

தம்பி, பயப்பட வேண்டாம். என் வீட்டு அரசமரப் போன்சாயும் ஆண்டுதோறும் மொட்டையாகிவிடும். முதல் ஆண்டு அழுதே விட்டேன். பத்துப் பதினைந்து நாளில் செம்புநிறத்தில் தளதளவென்று துளிர் வந்து நின்றது. மரத்துக்கு இலை உதிர்ப்பது இயல்பு. நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டாலே தானாகச் சரியாகிவிடும்.

---

தொட்டிவனம் | ஆகஸ்ட் 2, மதியம் 1.05

மாம்பலம்வாசி ஐயாவுக்கு: தயவுசெய்து இன்று மரத்தைத் தொட்டியிலிருந்து எடுக்காதீர்கள். வேரழுகல் இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் முதலில் வேறொன்றைக் காட்டுகின்றன. இலைகள் அனைத்தையும் இழந்துகொண்டிருக்கும் மரத்தின் வேரையும் வெட்டினால் அதற்கு மீள வழியே இருக்காது.

பாட்டி அம்மா சொன்னது அரசுக்குப் பொருந்தும். அரசமரம் மாசி, பங்குனியில் இலை உதிர்த்துத் துளிர்ப்பது அதன் பருவ வழக்கம். கல்லிச்சி அப்படிப்பட்டதன்று. ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும் மரம் அது. ஆடி மாதத்தில் ஒரே நாளில் நாற்பது இலைகளை உதிர்க்கிறது என்றால், அதற்கு ஏதோ ஒன்று போதவில்லை.

போதாதது வெளிச்சம் என்பது என் கணிப்பு. வெயிலில் பிறந்த இச்சி இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறியதாக, தடித்து, தோல்போல இருக்கும். அப்படி ஓர் இலையை உயிரோடு வைத்திருக்கவே மரத்துக்குச் செலவு அதிகம். மாடியில் அந்த இலை தன் செலவுக்கு மேல் பல மடங்கு சம்பாதித்தது. கூடத்தில் அதன் செலவுக்கே வரவு கட்டுப்படியாகவில்லை. அப்போது மரம் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கை உருவாக்கி இலையைக் கழற்றி விடுகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் பொட்டு, அந்தக் கழன்ற இடத்தில் கசிந்து உறைந்த பால். பச்சை இலை சுத்தமாகக் கழன்று விழுவது, மரம் உயிரோடு இருந்து தானே எடுத்த முடிவு. மரம் காய்ந்து சாகும்போது இலைகள் பெரும்பாலும் விழுவதில்லை. சருகாகிக் கிளையிலேயே தொங்கும்.

மூன்று செய்திகள் தெரிய வேண்டும். முதலாவது, உதிர்வது உட்புறத்து முதிர்ந்த இலைகளா, கிளை நுனியில் உள்ள குருத்துகளுமா? இரண்டாவது, ஒரு தென்னை ஈர்க்குச்சியை மண்ணில் அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் எவ்வளவு ஈரம் ஏறியிருக்கிறது, என்ன வாசனை வருகிறது? மூன்றாவது, கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றைப் பதிவிறக்கி, மரத்தின் இடத்திலும் ஜன்னல் பலகையிலும் மொட்டைமாடியிலும் எத்தனை லக்ஸ் காட்டுகிறது என்று பாருங்கள். அந்த அளவு துல்லியமாக இருக்காது. ஆனால் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் காட்டப் போதும். நம் கண்ணை இதில் நம்பவே கூடாது. இருட்டுக்கு ஏற்ப அது தன்னைத் திருத்திக்கொண்டு, கூடம் நன்றாக வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று நம்மிடம் பொய் சொல்லும்.

---

மாம்பலம்வாசி | ஆகஸ்ட் 3, காலை 10.20

விரிவான பதிலுக்கு நன்றி. கூடம் நல்ல வெளிச்சமானது என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். அளந்து பார்த்தபின் வாயடைத்துப் போனேன்.

இன்று காலை எட்டரை மணிக்கு, மேகமூட்டத்துடனேயே, மொட்டைமாடியில் 48,000 லக்ஸ். முக்காலியின் மேல் 180. மறுபடி மறுபடி அளந்தேன், 180 தான். கூடத்துத் தெற்கு ஜன்னலின் பலகையில் 1,400. கொசுவலைக் கதவைத் திறந்தால் 1,900. வடக்குப் பார்த்த பால்கனியில், துணிகளை விலக்கியபின் 2,600. ஆனால் பால்கனியில் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி இருக்கிறது. அதன் அனல்காற்று நேராகத் தொட்டி வைக்கும் இடத்தில்தான் அடிக்கிறது.

உதிர்பவை பெரும்பாலும் உட்புறத்து இலைகள். நுனிக் குருத்துகள் ஊசிபோலக் கூர்மையாக, பச்சையாகவே இருக்கின்றன. ஈர்க்குச்சி முழு நீளத்துக்கும் நனைந்து வந்தது. புளித்த வாசனை இல்லை. ஆனால் வெறும் மண்வாசனை என்றும் சொல்ல முடியவில்லை, கொஞ்சம் தேங்கிய வாடை.

---

கீழ்க்கட்டளை தோட்டக்காரன் | ஆகஸ்ட் 3, காலை 11.00

தேங்கிய வாடை என்று அவரே சொல்லிவிட்டார். நான் சொன்னதுதானே?

---

தொட்டிவனம் | ஆகஸ்ட் 3, இரவு 9.30

பாதி சரி, நண்பரே. தண்ணீர் மிகுதிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் மிகுதியானது என்று பாருங்கள். அவர் ஒரு சொட்டும் கூட்டவில்லை. மாடியில் வெயிலும் காற்றும் இலை வழியே இழுத்த தண்ணீரை 180 லக்ஸில் இலைகள் இழுக்கவில்லை; இலைகளும் நாளுக்கு நாள் குறைகின்றன. அதே இரண்டு குவளை இப்போது தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இப்படியே இன்னும் பத்து நாள் போனால் உண்மையாகவே வேர் அழுகும். அழுகத் தொடங்கிவிட்டால் அடையாளம் வேறாக இருக்கும்: நுனிக் குருத்துகள் கறுத்துத் துவளும், இளங்கிளையின் பட்டை சுருங்கும். நுனிகள் பச்சையாக இருக்கும்வரை வேரைத் தோண்ட வேண்டிய தேவை இல்லை.

ஆகவே ஐயா, இன்று முதல் நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். ஈர்க்குச்சியின் மேற்பாதி உலர்ந்து, அடிப்பாதி மட்டும் லேசாகக் குளிர்ந்திருந்தால் மட்டும், தொட்டியின் அடித்துளையில் வடியும்வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். அது மூன்று நாளுக்கு ஒருமுறையாக இருக்கலாம், ஐந்து நாளுக்கு ஒருமுறையாகவும் இருக்கலாம். குச்சி சொல்வதே கணக்கு. அடியில் தட்டு வைத்திருந்தால் வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள். உரம், புண்ணாக்கு, கத்தரிப்பு எதுவும் வேண்டாம். மரத்துக்கு இப்போது பசி இல்லை, வெளிச்சம்தான் இல்லை.

இடத்தைப் பொறுத்தவரை, பால்கனியில் அனல்காற்று அடிக்குமென்றால் வேண்டாம். இருக்கிற இலையும் வெந்துபோகும். தெற்கு ஜன்னல் பலகைக்கு மாற்றுங்கள். ஆனால் அந்த ஜன்னலிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். போன்சாய் பற்றி இணையத்தில் படிப்பவர்கள் தெற்கு ஜன்னலே சிறந்தது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அது குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்கு எழுதிய விதி. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே சாய்ந்தே போகிறது. நம் சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்குப் பக்கம் நகர்ந்து, ஆகஸ்ட் 18 வாக்கில்தான் மீண்டும் உச்சிக்கு வருகிறது. அந்த நான்கு மாதமும் தெற்கு ஜன்னலுக்கு நண்பகலில் நேர்வெயிலே கிடையாது. மேலே சன்ஷேடு வேறு மறைக்கிறது. அதே பலகையில் மார்கழியில் நல்ல வெயில் விழும். உங்களுக்கோ ஆடியில் தேவைப்படுகிறது. எனவே விளக்கு போட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று: ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள். இன்று ஜன்னல், நாளை பால்கனி, மறுநாள் படுக்கையறை என்று அலைக்கழித்தால், மரம் ஒவ்வொரு முறையும் புதிய வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடும். குளிர்சாதனத்தின் காற்று நேராகப் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

விளக்குக்காரர் | ஆகஸ்ட் 4, காலை 7.25

விளக்கு என்றதும் எல்லோரும் ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்கைத் தேடி ஓடுகிறார்கள். கூடத்தில் அதை எரியவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் உங்களைத் துரத்திவிடுவார்கள். சாதாரண வெள்ளை எல்இடி பட்டை விளக்கே போதும். இரண்டடி நீளம், 10 வாட், இரண்டு வாங்குங்கள். மரத்தின் உச்சியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரண்டையும் இணையாகத் தொங்கவிடுங்கள். உயரம்தான் முக்கியம். கூரையில் இருக்கும் டியூப்லைட்டை நாள் முழுக்க எரியவிட்டாலும் மரத்துக்கு அதனால் பெரிய பயனில்லை. வெளிச்சம் அவ்வளவு தூரம் இறங்கி வருவதற்குள் கூடம் முழுக்கப் பரவிவிடுகிறது. நேரம் வைத்து அணைக்கும் பிளக் ஒன்று போட்டுக் காலை 6 முதல் இரவு 8 வரை எரியவிடுங்கள். 20 வாட், 14 மணி நேரம் என்றால் நாளுக்கு 0.28 யூனிட், மாதத்துக்கு எட்டரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

---

அம்பத்தூர் அலுவலர் | ஆகஸ்ட் 4, காலை 10.45

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் அலுவலக வரவேற்பறையில் இதே இனத்தைச் சேர்ந்த, இலை தொங்கும் வகை ஒன்று ஐந்து ஆண்டுகளாக இருக்கிறது. ஜன்னலே இல்லை. வாரம் ஒருமுறை யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். இலை உதிர்ந்து நான் பார்த்ததே இல்லை. வெளிச்சக் குறைவே காரணம் என்றால் அது எப்படிப் பிழைக்கிறது? என் சொந்தச் சிக்கலும் ஒன்று இருக்கிறது: வீட்டில் நான் வைத்திருக்கும் இச்சியில் இலைகள் இரண்டாக மடிந்து, உள்ளே கறுப்பாகச் சிறு பூச்சிகள் இருக்கின்றன. அதற்கும் வெளிச்சம்தான் காரணமா?

---

தொட்டிவனம் | ஆகஸ்ட் 4, இரவு 10.10

நல்ல கேள்வி. வீட்டுக்குள் வைப்பதற்கென்று விற்கும் மரங்களைப் பொறுப்பான நாற்றங்காலில் விற்பதற்கு முன் பல வாரம், சில இடங்களில் பல மாதம், நிழல்வலைக்கு அடியில் வைத்துப் பழக்குவார்கள். அங்கேயே அது வெயில் இலைகளை உதிர்த்துவிட்டு, மெல்லிய, அகலமான, கரும்பச்சை நிழல் இலைகளை விட்டுவிடும். நிழல் இலைக்குச் செலவு குறைவு. சிறு வெளிச்சத்திலும் காலம் தள்ளும். உங்கள் வரவேற்பறை மரம் அப்படிப் பழகி வந்ததாக இருக்க வேண்டும். அது ஐந்து ஆண்டில் எத்தனை புதுக் கிளை விட்டிருக்கிறது என்று ஒருநாள் பாருங்கள். உயிரோடு இருக்கிறது, வளரவில்லை என்பதே என் ஊகம். போன்சாயில் நாம் கிளை கிளையாக, கணுக் கணுவாக வளர்க்க வேண்டியிருப்பதால், உயிரோடு இருந்தால் போதும் என்று விட முடியாது.

மடிந்த இலைக்குள் இருப்பது இலைப்பேன். அதற்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பு இல்லை. மடிந்த இலைகளைக் கிள்ளி, நெகிழிப் பையில் கட்டி எறியுங்கள். மேற்கொண்டு பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள். இங்கே கலந்தால் இரண்டும் குழம்பும்.

---

மாம்பலம்வாசி | ஆகஸ்ட் 7, மாலை 6.15

ஜன்னல் பலகைக்கு மாற்றிவிட்டேன். கிரில்லில் ஒரு மரச்சட்டத்தைக் கட்டி, அதிலிருந்து இரண்டு பட்டை விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். உச்சி இலையில் 3,600 லக்ஸ், கீழ்க்கிளையில் 1,200. உதிர்வு இன்னும் நிற்கவில்லை, இன்று முப்பத்தொன்று. வீட்டில், வாங்கிய விளக்குக்குப் பதிலாகப் புது மரமே வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். விளக்கு போட்ட பிறகும் உதிர்வது ஏன்?

---

தொட்டிவனம் | ஆகஸ்ட் 7, இரவு 9.50

கழற்றுவதற்கு ஏற்கெனவே முடிவு செய்த இலை மறுபடி ஒட்டாது, ஐயா. காம்பின் அடியில் அந்த அடுக்கு உருவாகிவிட்டால் பிறகு நீங்கள் என்ன வெளிச்சம் கொடுத்தாலும் அது விழத்தான் செய்யும். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு உதிர்வு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போக வேண்டும். எண்ணிக்கை குறைகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

விளக்கைப் பற்றி ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 3,600 லக்ஸ், 14 மணி நேரம் என்று பெருக்கினால் ஏறக்குறைய 50,000 வருகிறது. உங்கள் மாடியில் மேகமூட்டமான காலையில் ஒரே மணி நேரத்தில் கிடைத்ததும் அதே அளவுதான். விளக்கு மரத்தைத் தாங்கிப் பிடிக்கும். மாடியின் இடத்தை நிரப்பாது. ஆறு வாரத்துக்கு அது போதும். இதையே நிரந்தர ஏற்பாடாக்கிவிட வேண்டாம்.

பட்டையை ஓர் இடத்தில் நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்து, பால் துளிர்த்தால் அந்தக் கிளை உயிரோடு இருக்கிறது. எல்லாக் கிளையிலும் கீறிக்கொண்டே இருக்காதீர்கள். சந்தேகப்படும் கிளையில் ஒரே ஒரு இடம் போதும்.

---

கொட்டிவாக்கம் வாசகி | ஆகஸ்ட் 8, காலை 8.30

என் அனுபவத்தில், மொட்டையாகிப் போன இச்சியைப் பெரிய நெகிழிப் பையால் மூடி வைத்தால் ஈரப்பதம் கூடி மூன்றே வாரத்தில் துளிர்த்துவிடும். இரண்டு முறை செய்திருக்கிறேன், இரண்டும் பிழைத்தன. யாரும் ஏன் இதைச் சொல்லவில்லை?

---

தொட்டிவனம் | ஆகஸ்ட் 8, காலை 9.15

செய்தால் பலிக்கும் முறைதான், மறுக்கவில்லை. நானும் வேர் வெட்டிய மரங்களுக்கு அதைச் செய்வதுண்டு. ஆனால் இவருடைய மரத்தில் வேருக்கு அடி விழவில்லை. மண்ணும் அளவுக்கு மீறி ஈரமாக இருக்கிறது. பையால் மூடினால் மண் உலரவே உலராது. விளக்கின் சூடும் பைக்குள் தங்கும். ஆடி, ஆவணியில் சென்னைக் காற்றில் இருக்கிற ஈரம் ஓர் இச்சிக்கு நிரம்பப் போதும். குளிர்சாதனம் ஓடும் அறையில்தான் குறைகிறது.

---

கொட்டிவாக்கம் வாசகி | ஆகஸ்ட் 8, காலை 9.40

நான் வேர் வெட்டாத மரத்துக்குத்தான் செய்தேன். பையில் நாலைந்து துளை போட்டுவிட்டால் சூடு தங்காது. உங்கள் கருத்தை மதிக்கிறேன். என் கண்ணால் பார்த்ததையும் விட்டுவிட முடியவில்லை.

---

பெரம்பூர் பாட்டி | ஆகஸ்ட் 8, மதியம் 12.20

தம்பி, தினமும் இலைமேல் தண்ணீர் தெளியுங்கள். அதற்குமா தடை?

---

தொட்டிவனம் | ஆகஸ்ட் 8, மதியம் 2.00

தடை இல்லை அம்மா. தூசி போகும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். தெளித்த ஈரம் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பதால் உதிர்வை நிறுத்தாது. விளக்கை அணைத்துவிட்டுத் தெளிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் பக்கத்தில் இருக்கிறது.

---

மாம்பலம்வாசி | ஆகஸ்ட் 19, காலை 7.05

பன்னிரண்டு நாள் கணக்கு இதோ. 31இல் தொடங்கி 26, 24, 17, 19, 11 என்று இறங்கி, கடந்த மூன்று நாளாக 4, 2, 3. மரத்தில் நான்கில் ஒரு பங்கு இலைகூட மிஞ்சவில்லை. எலும்புக்கூடு போல நிற்கிறது. ஈர்க்குச்சிக் கணக்குப்படி இந்தப் பன்னிரண்டு நாளில் மூன்று முறைதான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். முதல் முறை ஊற்றாமல் இருந்தபோது கை நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது குச்சியில் தேங்கிய வாடை இல்லை.

கீழே இடப்புறம் உள்ள கிளையில் ஓர் இலைகூட இல்லை. கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை, ஆனால் பால் வரவில்லை.

---

மாம்பலம்வாசி | செப்டம்பர் 5, காலை 6.40

துளிர் வந்துவிட்டது! உச்சியிலும் வலப்புறக் கிளைகளிலும், இலை விழுந்த தழும்புக்குச் சற்று மேலே, கடுகளவுப் பச்சை மொட்டுகள். உச்சியில் இரண்டு இலைகள் விரிந்தும்விட்டன. பழைய இலை ஒன்றைக் காம்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையது கட்டைவிரல் நகத்தை விடச் சற்றே பெரிது, மடக்கினால் முறியும். புதியது அதைப்போல் ஒன்றரை மடங்கு, விரல்களுக்கிடையே பிடித்தால் காகிதம் போல மெல்லியது, வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் நரம்பு நரம்பாகத் தெரிகிறது. ஒரே மரத்தின் இலைகள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாடி வேலையும் முடிந்துவிட்டது. இந்த ஞாயிறு மரத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம் அல்லவா?

---

கீழ்க்கட்டளை தோட்டக்காரன் | செப்டம்பர் 5, காலை 7.30

மகிழ்ச்சி ஐயா! உடனே வெயிலுக்குக் கொண்டுபோங்கள். இவ்வளவு நாள் பட்டினி கிடந்த மரம்.

---

தொட்டிவனம் | செப்டம்பர் 5, காலை 8.00

வேண்டாம், ஐயா. இப்போது நீங்கள் எழுதியதையே இன்னொரு முறை படியுங்கள்: காகிதம் போல மெல்லியது. அது கூடத்து வெளிச்சத்துக்கென்று பிறந்த இலை. முழு வெயிலில் ஒரே பிற்பகலில் நடுவில் வெளுத்து, பிறகு பழுப்பாகத் தீய்ந்துவிடும். அப்படித் தீய்ந்த இலையையும் மரம் உதிர்த்துவிட்டால், துளிர்க்கச் செலவழித்த சேமிப்பு முழுக்க வீண். இன்னொரு முறை துளிர்க்க அதனிடம் மிச்சம் இருக்குமா என்பது எனக்கு உறுதியில்லை.

முதலில் இந்தத் துளிர்கள் முழுதாக விரிந்து, தடித்து, கரும்பச்சையாகட்டும். அதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும். பிறகு மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் போல, திறந்த வானம் தெரியும் ஆனால் காலை ஒன்பதுக்கு மேல் வெயில் படாத இடத்தில் பத்து நாள் வையுங்கள். நிழல்தானே என்று எண்ண வேண்டாம். திறந்த நிழலிலேயே பத்தாயிரம் லக்ஸுக்கு மேல் இருக்கும், உங்கள் விளக்கைப்போல் மூன்று மடங்கு. அதன்பின் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலைக்கு அடியில் இரண்டு வாரம். வலைக்கு அடியில் பிறக்கும் இலைகள் மறுபடியும் சிறுத்துத் தடித்து வரும். அவற்றைப் பார்த்தபின் வலையை எடுக்கலாம். வெளியே போனதும் தண்ணீர்த் தேவை ஏறும். அதற்கும் அதே ஈர்க்குச்சிதான்.

இதற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அது உங்களுக்கு நல்லதே. மேகம் வலையின் வேலையைப் பாதி செய்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் மறுபடி கூடத்துக்குத் தூக்கி வராதீர்கள். மாடியிலேயே கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் தரையில் இறக்கி, தொட்டியைக் கயிற்றால் கட்டி வையுங்கள். ஓரிரு நாள் காற்றில் நாலு இலை கிழிந்தால் பரவாயில்லை. நம் ஊர்க் குளிருக்காக ஓர் இச்சியை உள்ளே கொண்டுவர வேண்டிய தேவை ஒருநாளும் வராது.

---

மாம்பலம்வாசி | செப்டம்பர் 5, காலை 8.45

சரி, ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைக் கைவிடுகிறேன். அந்த இடப்புறக் கீழ்க்கிளை? இன்னும் ஒரு மொட்டும் இல்லை. மரத்தின் வடிவத்துக்கே அந்தக் கிளைதான் சமநிலை.

---

கொட்டிவாக்கம் வாசகி | செப்டம்பர் 5, காலை 10.30

அதை வெட்டிவிடுங்கள். பால் வராத கிளை காய்ந்துகொண்டு வருகிறது என்று பொருள். காய்வு அடிமரம்வரை இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

---

தொட்டிவனம் | செப்டம்பர் 5, பிற்பகல் 1.15

எனக்கு உடன்பாடில்லை. உள்ளே பச்சை இருக்கும்வரை நான் தை மாதம்வரைகூடக் காத்திருப்பேன். கீழ்க்கிளைக்கு 1,200 லக்ஸ்தான் கிடைத்தது. உச்சியில் பிறந்த மொட்டு அங்கே பிறக்காததில் வியப்பில்லை. மாடியில் திறந்த வானத்துக்குப் போனபின் அது விழித்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது. கிளையின் பட்டை நீளவாக்கில் சுருங்கத் தொடங்கினால் மட்டும், பச்சை முடியும் இடத்துக்குச் சற்று வெளியே வெட்டுங்கள்.

---

விளக்குக்காரர் | செப்டம்பர் 5, மாலை 5.50

இன்னும் இரண்டு வாரம் உள்ளேதான் இருக்கப் போகிறது என்றால், ஒரு பட்டையைக் கழற்றி இடப்புறக் கிளைக்குப் பக்கவாட்டில், அரைச் சாண் தள்ளிச் செங்குத்தாகக் கட்டிப் பாருங்களேன். உச்சிக்கு ஜன்னல் வெளிச்சமும் மிச்சமிருக்கும் பட்டையும் போதும்.

---

மாம்பலம்வாசி | செப்டம்பர் 6, காலை 7.20

நேற்று இரவே மாற்றிக் கட்டிவிட்டேன். கீழ்க்கிளையில் இப்போது 3,100, உச்சியில் 2,300. பட்டை சுருங்குகிறதா என்று தெரிய, கிளையின் நடுவில் ஒரு சிவப்பு நூலை இறுக்காமல் சுற்றியிருக்கிறேன்; நூல் தொளதொளத்தால் எழுதுகிறேன்.